களிமண், புல், ஹார்ட் கோர்ட்: பந்து தரையைத் தொடும் அந்த நொடியில் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக்கடைசியில் எங்களோடு ஆட வருகிறவர்கள் ஆட்டம் முடிந்து காப்பிக் கடையில் உட்காரும்போது கேட்கும் கேள்விகள் இவை. சிங்கப்பூரில் நாம் ஆடுவதெல்லாம் கிட்டத்தட்ட ஹார்ட் கோர்ட்தான். தொலைக்காட்சியில் மற்ற இரண்டையும் பார்க்கிறோம், மனத்தில் கேள்வி எழுகிறது. ஒவ்வொரு வாரமும் பாதிப் பதிலோடு எழுந்து போவதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

பந்து ஒன்றுதானே, தரை மாறினால் மட்டும் ஏன் ஆட்டமே மாறுகிறது?

பந்து தரையோடு ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் தரை இரண்டு காரியங்களைச் செய்கிறது. கீழ்நோக்கி வந்த வேகத்தில் ஒரு பகுதியை மேல்நோக்கித் திருப்பித் தருகிறது. முன்னோக்கி வந்த வேகத்தில் ஒரு பகுதியை உராய்வால் பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு திருப்பித் தருகிறது, எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்ற இரண்டும் தரைக்குத் தரை வேறுபடும்.

களிமண் தரை அதிகம் பிடிக்கும், அதிகம் எழுப்பும். புல்தரை குறைவாகப் பிடிக்கும், குறைவாக எழுப்பும். ஹார்ட் கோர்ட் நடுவில் நிற்கும், ஆனால் அந்த நடு மிக அகலமானது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

‘களிமண்’ என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம். பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலான் காரோஸில் மேலே தெரிவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள செங்கல் தூள். அதன் அடியில் இறுக்கி உருட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் அடுக்கு இருக்கிறது. பந்து அந்தத் தூளில் உரசும், ஆனால் அதில் புதைந்து நிற்காது. உராய்வும் உயரமும் ஒரே தரையில் சேர்ந்து கிடைப்பது இதனால்தான். புல்தரையில் வழுக்கலான இலையும் அதன் கீழே மண்ணும் இருக்கின்றன. பந்தின் வேகத்தில் கொஞ்சத்தை மண் உறிஞ்சிக்கொள்ளும்.

களிமண் மெதுவு, புல் வேகம் என்கிறார்கள். எல்லா அடிக்கும் அப்படித்தானா?

இல்லை. இதை மட்டும் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

உராய்வு எவ்வளவு பிடிக்கும் என்பது, பந்து தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. தாழ்வான கோணத்தில் வரும் பந்து தரையை லேசாகத்தான் அழுத்தும். ஒட்டியிருக்கும் நேரம் முழுவதும் அது வழுக்கிக்கொண்டே போகும். அப்போது தரை சொரசொரப்பா வழவழப்பா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

செங்குத்தாக வரும் பந்து, உதாரணத்துக்கு ஓர் உயரமான லாப், தரையைப் பலமாக அழுத்தும். அதனால் வழுக்குவது பாதியிலேயே நின்று, பந்து தரையைப் பற்றிக்கொண்டு உருள ஆரம்பித்துவிடும். உருள ஆரம்பித்தபின் பிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சுழற்சி இல்லாத பந்து முன்னோக்கிய வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இழக்கும், அதோடு சரி. தரை புல்லானாலும் களிமண்ணானாலும் இழப்பு ஏறக்குறைய அதேதான். லாப் எழும் உயரத்தில் வேறுபாடு இருக்கும், வேகத்தில் பெரிதாக இருக்காது.

ஆக, ‘வேகமான கோர்ட்’ என்ற பேச்சு முதல் சர்வுக்கும், தட்டையான அடிக்கும், ஸ்லைஸுக்கும்தான் முழுதாகப் பொருந்தும். புல்தரையில் சர்வ் அடிப்பவர் பெரும் பலன் பெறுவதும், லாப் அடிப்பவருக்குத் தனியாக எந்தச் சலுகையும் கிடைக்காததும் இதனால்தான்.

இதை எண்ணில் காட்ட முடியுமா?

முடியும். பின்சுழற்சியோடு அடித்த ஒரு சாதாரண ஸ்லைஸை எடுத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது முன்னோக்கி நொடிக்கு 20 மீட்டர், கீழ்நோக்கி நொடிக்கு 5 மீட்டர் வேகம். நம் வாரக்கடைசி ஆட்டத்திலும் இப்படி ஒரு பந்து வரும். தரைகளுக்கு வழக்கமாகக் காணப்படும் அளவையொட்டி முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன்: உராய்வு எண் களிமண்ணுக்கு 0.8, ஹார்ட் கோர்ட்டுக்கு 0.7, புல்லுக்கு 0.6. கீழே வந்த வேகத்தில் மேலே திரும்பும் பங்கு முறையே 0.85, 0.8, 0.75.

முதலில் உயரம். களிமண்ணில் பந்து நொடிக்கு 4.25 மீட்டர் வேகத்தில் மேலே கிளம்பி ஏறத்தாழ 92 செ.மீ. வரை எழும். ஹார்ட் கோர்ட்டில் 82. புல்லில் 72. இடுப்புக்கும் தொடைக்கும் உள்ள தூரம் இது.

அடுத்து முன்னோக்கிய வேகம். உராய்வு எண்ணை, பந்து கீழே வந்த வேகமும் மேலே கிளம்பிய வேகமும் சேர்ந்த தொகையால் பெருக்கினால் இழப்பு கிடைக்கும். களிமண்ணில் 0.8 × 9.25, அதாவது 7.4. ஆகவே 20 மீட்டர் வேகம் 12.6 ஆகிறது. ஹார்ட் கோர்ட்டில் 13.7 மிஞ்சும், புல்லில் 14.75.

இப்போது பந்து விழுந்த இடத்திலிருந்து மூன்றரை மீட்டர் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். களிமண்ணில் பந்து உங்களிடம் வந்து சேர 0.28 நொடி, புல்லில் 0.24 நொடி. நூற்றில் நான்கு பங்கு நொடி என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் புல்தரைப் பந்து இன்னும் அரை மீட்டருக்கு மேல் ஓடிவிடும். களிமண்ணில் பழகியவர் அதே தாளத்தில் ராக்கெட்டை வீசினால் பந்து உடம்பைத் தாண்டியிருக்கும், அதுவும் இருபது செ.மீ. கீழே. நேரமும் உயரமும் ஒன்றாகச் சேர்ந்து தப்பும்போதுதான் பந்து விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது.

கோணத்தையும் பாருங்கள். பந்து உள்ளே வந்த கோணம் 14 பாகை. புல்லில் அதே 14 பாகையில்தான் வெளியே போகிறது. களிமண்ணில் 18, 19 பாகைக்கு நிமிர்ந்து எழுகிறது. ‘புல்லில் பந்து சறுக்குகிறது, களிமண்ணில் உட்கார்ந்து எழுகிறது’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

நடாலின் டாப்ஸ்பின் ஏன் பாரிஸில் மட்டும் அப்படி எகிறியது?

பாரிஸில் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் எகிறியது. பாரிஸில் எதிராளியால் தாங்க முடியாத அளவுக்கு எகிறியது.

டாப்ஸ்பின் பந்து வலைக்கு மேல் உயரமாகப் போய், சுழற்சியின் இழுப்பால் சட்டென்று கீழே விழுகிறது. உயரத்திலிருந்து விழுவதால் கீழ்நோக்கிய வேகம் அதிகம். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் பந்தை மேலே சொன்ன எண்களில் போட்டுப் பாருங்கள். காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் களிமண்ணில் 2.17 மீட்டர், ஹார்ட் கோர்ட்டில் 1.92, புல்லில் 1.69 வரை எழும். ஸ்லைஸில் இருபது செ.மீ. இருந்த வேறுபாடு இங்கே ஏறத்தாழ அரை மீட்டர்.

அந்த அரை மீட்டர் எங்கே வலிக்கும் என்றால், ஒரு கையால் பேக்ஹேண்ட் அடிப்பவரின் தோளில். தோளுக்கு மேல் வரும் பந்தை ஒரு கையால் வலுவாக அடிப்பது மிகக் கடினம். இடது கையால் ஆடும் நடாலின் குறுக்கு ஃபோர்ஹேண்ட் நேராக ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம் போய் அங்கேதான் எழுந்தது. எதிராளிக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன: பின்னால் நகர்ந்து பந்து இறங்கும்வரை காத்திருப்பது, அல்லது முன்னால் வந்து எழும்போதே அடிப்பது. பின்னால் போனால் கோர்ட் திறந்துவிடும். முன்னால் வந்தால் நேரம் போதாது. நடால் அங்கே 14 பட்டம் வென்றார்.

2007 மே மாதம் மயோர்காவில் நடாலுக்கும் ஃபெடரருக்கும் ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. கோர்ட்டின் ஒரு பாதி களிமண், மறு பாதி புல். பக்கம் மாறும்போதெல்லாம் இருவரும் காலணியையும் மாற்றிக்கொண்டார்கள். நடால் 7-5, 4-6, 7-6 என்று வென்றார். அதை வேடிக்கை என்று பலர் ஒதுக்கினார்கள். எனக்கு அது ஒரு பாடமாகத் தெரிந்தது. இரு தரைக்கும் கை, கால், கண் மூன்றையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும் என்பதை ஒரே கோர்ட்டில் வைத்துக் காட்டினார்கள்.

தரையை மாற்றி ஓர் அணியையே தோற்கடிக்க முடியுமா?

நம்மவர்களுக்கே நடந்திருக்கிறது. 1987 டேவிஸ் கோப்பை. இந்திய அணியில் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணனும் அமிர்தராஜ் சகோதரர்களும் இருந்தார்கள். அரையிறுதி சிட்னியில், ஆஸ்திரேலியாவின் சொந்தப் புல்தரையில். இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது கடைசி ஆட்டத்தில் ரமேஷ் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார்.

அவருடைய ஆட்டத்தில் பலமான சர்வ் கிடையாது. தட்டையான, தாழ்வான பந்து, மிகத் துல்லியமான நேரக்கணிப்பு, மென்மையான கை. மேலே போட்ட ஸ்லைஸ் கணக்கைத் திரும்பப் பாருங்கள். புல்லில் அப்படிப்பட்ட பந்து 72 செ.மீ. உயரத்தில் வழுக்கி ஓடும். எதிராளி முழங்காலை மடித்துத் தூக்கித்தான் அடிக்க முடியும்.

இறுதி ஆட்டம் சுவீடனின் கோத்தன்பர்க்கில். விருந்தளிக்கும் நாடுதான் தரையைத் தேர்ந்தெடுக்கும். டிசம்பர் மாதம், உள்ளரங்கு, அதில் களிமண் தரை போட்டார்கள். எதிரில் மாட்ஸ் விலாண்டர், அதற்கு முன்பே இருமுறை பிரெஞ்சு ஓப்பன் வென்றவர். தாழ்ந்து வழுக்க வேண்டிய ரமேஷின் பந்துகள் நிமிர்ந்து, மெதுவாகி, விலாண்டரின் இடுப்பு உயரத்தில் வந்து நின்றன. 5-0 என்று இந்தியா தோற்றது. சுவீடன் எந்தத் தரையிலும் பலமான அணிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மாத இடைவெளியில் அதே கைகள் அடித்த அதே பந்துகளுக்கு என்ன ஆனது என்று கேட்டால், தரையைப் பற்றிப் பேசாமல் பதில் சொல்ல முடியாது.

விம்பிள்டன் இப்போது முன்னைப் போல வேகமாக இல்லையாமே?

2001இலிருந்து அங்கே முழுக்க ரைப்புல் மட்டும்தான். அதற்கு முன் ரைப்புல் 70 விழுக்காடு, ஃபெஸ்க்யூ என்ற புல் 30 விழுக்காடு. தேய்மானத்தைத் தாங்கத்தான் மாற்றினார்கள். அதோடு அடிமண்ணும் இறுகி, காய்ந்திருக்கும்போது பந்து முன்பைவிட உயரமாக, நம்பகமாக எழுகிறது. 2001 இறுதியில் இவானிசெவிச்சும் ராஃப்டரும் சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடினார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் ஹியூவிட்டும் நல்பாண்டியனும் பேஸ்லைனிலேயே நின்றார்கள். புல் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ராக்கெட் நரம்புகளும் சர்வைத் திருப்பி அடிக்கும் திறமையும் அதே காலத்தில்தான் மாறின.

எங்கள் வட்டாரக் கோர்ட்டும் நண்பரின் கோண்டோ கோர்ட்டும் ஹார்ட் கோர்ட்தான். ஆனால் அங்கே போனால் என் ஸ்லைஸ் வேலை செய்வதில்லை. ஏன்?

நம் ஊருக்கு உண்மையிலேயே தேவையான கேள்வி இதுதான்.

ஹார்ட் கோர்ட் என்பது கான்கிரீட் அல்லது தார்த் தளத்தின் மேல் பூசிய அக்ரிலிக் சாயம். அந்தச் சாயத்தில் நுண்மணல் கலக்கிறார்கள். எவ்வளவு மணல், எவ்வளவு பருமன் என்பதுதான் கோர்ட்டின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு கோர்ட்டுகளுக்கு வேக மதிப்பெண் தருகிறது: 29 வரை மெதுவு, 30 முதல் 34 வரை சற்று மெதுவு, 35 முதல் 39 வரை நடுத்தரம், 40 முதல் 44 வரை சற்று வேகம், 45உம் அதற்கு மேலும் வேகம். ஹார்ட் கோர்ட்டை இவற்றில் ஏறக்குறைய எந்த வகைக்கும் பொருந்தும்படி போடலாம்.

புதிதாகச் சாயம் பூசிய கோர்ட் உப்புத்தாள் போல இருக்கும், பந்தைப் பிடிக்கும், பந்தின் மேலுள்ள மயிரையும் சீக்கிரம் உரித்துவிடும். பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து, பேஸ்லைன் பக்கம் காலணிகள் தேய்த்துத் தேய்த்து மணல் மழுங்கிய கோர்ட் புல்லைப் போல நடந்துகொள்ளும். உங்கள் வட்டாரக் கோர்ட் பழையதாகவும் நண்பரின் கோர்ட் அண்மையில் பூசியதாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் ஸ்லைஸில் குறை இல்லை. அதை நிமிர்த்திவிடும் தரையில் அடிக்கிறீர்கள்.

ஒரு காலத்தில் ஒரு கோர்ட்டில் மட்டுமே இரண்டு ஆண்டு ஆடிவிட்டு, என் ஸ்லைஸ் மிக நல்லது என்று நம்பியிருந்தேன். கோர்ட்டைப் புதுப்பித்த வாரமே அது சாதாரணப் பந்தாகிவிட்டது. அன்றைக்குத்தான் மேலே எழுதிய கணக்கையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பந்தைக் கையிலிருந்து கீழே விட்டுப் பார்த்தால் கோர்ட்டின் வேகம் தெரியுமா?

தெரியாது. அது பந்தைத்தான் சோதிக்கும். விதிப்படி 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விட்ட சாதாரணப் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பந்தில் காற்றழுத்தம் போய்விட்டது. நேராக விழும் பந்தில் உராய்வுக்கு வேலையே இல்லை, எனவே வேகம் பற்றி அது எதுவும் சொல்லாது. சாய்ந்து வரும் பந்து நேராக விட்டதைவிட நன்றாகவே எழும் என்பதால், இந்த எண்களை மேலே உள்ள கணக்கோடு ஒப்பிடவும் வேண்டாம்.

கோர்ட்டைச் சோதிக்க இப்படிச் செய்யுங்கள். கைப்பேசியைப் பக்கவாட்டில், தரைக்குச் சற்று மேலே நிறுத்தி மெதுவோட்டக் காணொளி எடுங்கள். நண்பர் ஒரே மாதிரி பத்து ஸ்லைஸ் அடிக்கட்டும். பந்து வந்த கோடும் போன கோடும் திரையில் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருந்தால் வேகமான கோர்ட். போகும் கோடு தெளிவாக நிமிர்ந்திருந்தால் மெதுவான கோர்ட். இரண்டு கோர்ட்டுக்கும் ஒரே பந்துகளைக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் பந்தை அளந்துவிட்டுத் தரையை அளந்ததாக நினைத்துக்கொள்வோம்.

மழைக்குப் பிறகு ஆடினால் பந்து கல் மாதிரி இருக்கிறதே?

பந்தின் மேலுள்ள கம்பளித் துணி ஈரத்தை உறிஞ்சும். பந்து கனத்து, காற்றில் மெதுவாகும், சுழற்சியும் குறையும். ஆனால் தரையில் நீர்ப்படலம் இருந்தால் உராய்வு குறைந்து அதே பந்து வழுக்கும். மெதுவாக வந்து திடீரென்று தாழ்ந்து போவதால்தான் குழப்பம். கோடுகளின் மேலும் நிழலில் பாசி பிடித்த மூலைகளிலும் பந்தைவிட உங்கள் கால் முதலில் வழுக்கும். அந்த இடங்கள் காயும்வரை ஆட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஐரோப்பாவுக்கு விடுமுறைக்குப் போகிறேன், அங்கே களிமண் கோர்ட் கிடைக்கும். முதல் நாளே என்ன மாற்ற வேண்டும்?

முதலில் காலணி. மீன்முள் வடிவ வரிகள் உள்ள அடிப்பாகம் வேண்டும். தூள் அதில் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது ராக்கெட்டால் தட்டிவிடுங்கள்.

பிறகு சறுக்கல். ஹார்ட் கோர்ட்டில் நாம் பந்தை அடித்துவிட்டு நிற்கிறோம். களிமண்ணில் சறுக்கல் அடிக்கு முன்பே தொடங்கி, அடிக்கும் நேரத்தில் முடிய வேண்டும். அடித்தபின் சறுக்கினால் திரும்பி வருவதற்குள் அடுத்த பந்து போய்விடும். முதல் அரை மணி பந்தே இல்லாமல் இதை மட்டும் பழகுங்கள். இங்கே நம் கோர்ட்டில் இதைப் பழகிப் பார்க்க வேண்டாம். சொரசொரப்பான ஹார்ட் கோர்ட்டில் கால் சட்டென்று பிடித்துக்கொண்டால் கணுக்கால் திரும்பிவிடும்.

நிற்கும் இடத்தை ஒன்று, ஒன்றரை மீட்டர் பின்னால் தள்ளுங்கள். தட்டையாக அடித்து ஒரே அடியில் முடிக்கும் ஆசையை விட்டு, வலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் கொடுத்து அடியுங்கள். ஸ்லைஸை ஆழமாக அனுப்பாமல் வலையருகே விழும் டிராப் ஷாட்டாக மாற்றுங்கள். உராய்வு அங்கே உங்கள் பக்கம் வேலை செய்யும். எதிராளியும் ஒன்றரை மீட்டர் பின்னால்தான் நிற்பார்.

அப்புறம், ஆட்டம் முடிந்ததும் வலைத் துண்டால் கோர்ட் முழுவதையும் இழுத்துச் சமப்படுத்தி, கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அங்கே அது ஆட்டக்காரர்களின் வேலை. அடுத்து ஆடுபவர்கள் வாசலில் காத்துக்கொண்டிருப்பார்கள்.